ஸ்டோன்ஃப்ளை இல்லாத ஊரில் தண்ணீரை எப்படிக் கணிப்பது?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எந்தக் கண்மாயில் வலை போட்டு அலசினாலும் ஸ்டோன்ஃப்ளை சிக்காது. தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், எங்கே போனாலும் இதே கதைதான். ஆனால் விலங்கியல் செய்முறை வகுப்பில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது, "ஸ்டோன்ஃப்ளை இருந்தால் சுத்தமான தண்ணீர், இல்லாவிட்டால் மாசுபட்ட தண்ணீர்" என்ற வரியைத்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் மாவட்டத்துத் தண்ணீர் மொத்தமும் சாக்கடை என்று ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டியிருக்கும்.

வருஷத்துக்கு ஒரு மாணவராவது இதைக் கேட்டுவிடுவார். "சார், நம்ம கண்மாய்த் தண்ணி அவ்வளவு மோசமா? நாங்க அதுலதானே குளிக்கிறோம்!" நியாயமான கேள்வி. ஒரு பூச்சி இருப்பதைக் கண்டுபிடிப்பது லேசு. இல்லாததற்குக் காரணம் சொல்வதுதான் கஷ்டம். இந்தச் செய்முறையில் கற்றுக்கொள்ள வேண்டியதும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இரண்டும் வளர்ந்தபின் இறக்கை முளைத்துப் பறக்கிற பூச்சிகள். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதியை அவை தண்ணீருக்குள் இளம்பூச்சியாகவே கழிக்கின்றன. அந்தப் பருவத்துக்குத்தான் நிம்ஃப் என்று பெயர். வண்ணத்துப்பூச்சி போலக் கூட்டுப்புழுப் பருவம் இவற்றுக்குக் கிடையாது. தோலை உரித்து உரித்துப் பெரிதாகி, கடைசியில் நீரைவிட்டு வெளியேறிப் பறந்துவிடும். வளர்ந்த மேஃப்ளைக்கு வேலை செய்கிற வாய்கூடக் கிடையாது. சில மணி நேரம், போனால் ஒன்றிரண்டு நாள், அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். நிம்ஃப் பருவமோ இனத்தைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை நீளும்.

அந்த வாரங்களும் மாதங்களும்தான் நமக்குப் பயன்படுகின்றன. ஆய்வகத்தில் விங்க்ளர் முறையில் கரைந்த ஆக்சிஜன் அளக்கிறோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்தது காலை பதினொரு மணிக்கு என்றால், கிடைக்கிற விடை பதினொரு மணிக்கு மட்டுமே பொருந்தும். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிற ஒரு ஊருணியில் பட்டப்பகலில் அளந்தால் ஆக்சிஜன் அபாரமாக இருக்கும், ஏனென்றால் பாசி வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதே பாசி இரவு முழுக்க ஆக்சிஜனை இழுக்கும். விடிவதற்குச் சற்று முன்னால் போய் அளந்தால் பாதிகூடத் தேறாது. அந்த நேரத்தில் பாட்டிலோடு யார் போய் நிற்கிறார்கள்? நிம்ஃப் அங்கேயே கிடக்கிறது. இரவு மூன்று மணிக்கு யாராவது கழிவைத் திறந்துவிட்டால் அதற்கும் அது தப்ப முடியாது. ஒன்று செத்துப்போகும், இல்லையென்றால் கல்லைவிட்டு நீரோட்டத்தோடு போய்விடும். எப்படியானாலும் மறுநாள் நம் வலையில் வராது.

இனி ஸ்டோன்ஃப்ளைக்கு நம் ஊர் ஏன் ஆகாது என்று பார்ப்போம். கடல்மட்டத்தில், காற்றோடு நன்றாகக் கலந்த நல்ல தண்ணீரில், 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது 9.1 ஆகிறது. 30 டிகிரியில் 7.6 தான். அதாவது ஒரு சொட்டு சாக்கடை கலக்காமலே, வெறும் சூட்டினால் மட்டுமே இவ்வளவு குறைகிறது. போதாததற்கு, தண்ணீர் சூடாக ஆகப் பூச்சியின் உடம்புக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடுகிற நிலை. சித்திரை மாதம் நம் கண்மாயில் கால் வைத்தவர்களுக்கு அதன் சூட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூடு மட்டும் காரணமல்ல. ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் மூச்சு விடுவதற்குத் தன் மேல் ஓடுகிற தண்ணீரைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. தென்னிந்தியாவில் நாம் பெரும்பாலும் பார்ப்பது பெர்லிடே குடும்பத்து ஸ்டோன்ஃப்ளை. இதற்குக் கால்கள் உடம்போடு சேருமிடத்தில் வெள்ளை நூல் கற்றைபோலச் செவுள் இருக்கும். அதை மேஃப்ளை மாதிரி விசிறத் தெரியாது. தட்டில் எடுத்து வைத்துச் சிறிது நேரம் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும்: ஆறு காலையும் ஊன்றிக்கொண்டு உடம்பை மேலும் கீழுமாகத் தூக்கித் தூக்கி இறக்கும், தண்டால் எடுக்கிற மாதிரி. பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையில் அது மூச்சு முட்டுகிறது. நீரோட்டம் இல்லாததால் தன்னையே ஆட்டிக்கொண்டு செவுளில் புதுத் தண்ணீர் படும்படி செய்கிறது. இதைப் பார்த்ததும் தட்டை நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த ஓடைத்தண்ணீர் மாற்றிவிட வேண்டும்.

கண்மாயில் ஓட்டமும் கிடையாது, ஒளிந்துகொள்ளக் கூழாங்கல்லும் கிடையாது. அடியெல்லாம் களிமண் சேறு. கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்தும் போகிறது. கடலோரம் நெருங்க நெருங்க உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆக ஸ்டோன்ஃப்ளை இங்கே இல்லாததற்கு மாசு என்ற காரணமே தேவையில்லை.

அதனால்தான் செய்முறையின் முதல் பாதிக்கு மலைக்குப் போகிறோம். மதுரை தாண்டி, பெரியகுளம் பக்கம், கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் இதற்குத் தோதானவை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் வராக நதி வழியாக வைகையில் சேர்கிறது. வைகையில் மிச்சமிருப்பது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. ஆகவே வேற்று ஊர்த் தண்ணீரைப் பார்க்கப் போகிறோம் என்றும் சொல்ல முடியாது. வனப்பகுதி என்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட வேண்டும். மலையில் மேகம் கட்டியிருந்தால், கீழே வெயிலடித்தாலும், ஓடையில் இறங்கக் கூடாது. காட்டாற்று வெள்ளம் சொல்லிவிட்டு வராது.

வாலை எண்ணி ஏமாறாதீர்கள்

இரண்டையும் பிரித்தறிய எல்லாரும் சொல்லிக்கொடுப்பது வால் கணக்கு. மேஃப்ளைக்கு மூன்று வால், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. பெரும்பாலும் சரிதான். ஆனால் வலையில் அடிபட்டு வால் ஒடிவது சாதாரணம், மூன்றில் ஒன்று போனால் கணக்கே மாறிவிடும். போதாக்குறைக்கு, வேகமான ஓடையில் வாழும் எபியோரஸ் என்ற மேஃப்ளைக்கு இயல்பாகவே இரண்டு வால்தான். ஸ்டோன்ஃப்ளை என்று நினைத்து மாணவர்கள் எழுதிவைப்பதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

நம்பகமான அடையாளங்கள் வேறு இரண்டு. ஒன்று செவுள். மேஃப்ளைக்கு வயிற்றுப் பகுதியின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலைபோலவோ இறகுபோலவோ செவுள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உயிரோடிருக்கும்போது பல இனங்களில் அவை படபடவென்று அடித்துக்கொள்வதையே பார்க்கலாம். பெர்லிடே ஸ்டோன்ஃப்ளையின் வயிற்றுப் பக்கவாட்டில் இப்படி எதுவும் இராது, செவுள் கால் அடியில்தான். இரண்டாவது நகம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் கால் நுனியைப் பாருங்கள். மேஃப்ளைக்கு ஒற்றை நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரட்டை. வால் ஒடியும், நகம் அவ்வளவு சீக்கிரம் ஒடியாது.

கண்மாயில் இன்னொரு குழப்பம் வரும். ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கும் பின்னால் மூன்று நீட்சிகள் உண்டு. அவை வால் அல்ல, இலைபோலத் தட்டையான செவுள்கள். சந்தேகம் வந்தால் புரட்டிப் போட்டுத் தலைக்கு அடியில் பாருங்கள். இரை பிடிப்பதற்காக மடக்கி வைத்த நீளமான கீழுதடு தெரிந்தால் அது தட்டான் வகை.

மேஃப்ளை என்று முடிவானதும் வேலை முடியவில்லை. எந்த மேஃப்ளை என்பதுதான் முக்கியம். கல்லைத் தூக்கியதும் தட்டையான உடம்போடு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவிக் கல்லின் மறுபுறம் ஒளிகிறதா? அது ஹெப்டாஜெனிடே குடும்பம், ஓடுகிற தண்ணீரும் நல்ல ஆக்சிஜனும் இல்லாமல் பிழைக்காது. உருண்ட உடம்போடு விருட்டென்று நீந்திப் பாய்கிறதா? பெரும்பாலும் பேட்டிடே. இந்தக் குடும்பத்தில் எல்லா ரகமும் உண்டு. ஓடைக்கல்லில் மட்டும் வாழ்வதும் இருக்கிறது, நம் கண்மாயில் தாமரை இலைக்கடியில் சாவகாசமாக வாழும் குளோயான் என்பதும் இருக்கிறது. குளோயான் தன் செவுளை அடித்துத் தனக்கு வேண்டிய நீரோட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதனால் தேங்கிய, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரையும் ஓரளவு சமாளிக்கும். மூன்றாவது கேனிடே. முதுகில் சதுரமாக இரண்டு மூடி இருக்கும். சேறு படாமல் உள்ளே இருக்கும் மென்மையான செவுள்களை அந்த மூடி காக்கிறது. சேற்றில் வாழத் தெரிந்த மேஃப்ளை இது. ஆகவே "மேஃப்ளை கிடைத்தது, தண்ணீர் சுத்தம்" என்று எழுதினால் அது பாதி வாக்கியம்தான்.

வலை போடுவது

பயன்படுத்துவது உதை வலை. நீளமான கைப்பிடி, தட்டையான அடிப்பக்கம் கொண்ட சட்டம், அதில் பை போன்ற நைலான் துணி. வலைக்கண் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வலைக்கண் கணக்கை நான் விளக்க வேண்டியதே இல்லை, எந்தக் கண்ணில் எது நழுவும் என்று அவர்களுக்கே தெரியும். காசு மிச்சம் பிடிக்கக் கொசுவலைத் துணியில் தைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் சின்ன நிம்ஃபெல்லாம் வெளியே போய்விடும். வேறு வழியில்லை என்றால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்த வேண்டும். ஓரிடத்தில் கொசுவலை, இன்னோரிடத்தில் நல்ல வலை என்று மாற்றினால், தெரிகிற வித்தியாசம் தண்ணீருடையதா துணியுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

முழங்காலுக்குக் கீழே ஆழமாக, கல்லில் மோதிச் சலசலத்து ஓடுகிற இடமாகப் பாருங்கள். வலையின் வாய் மேல்நீரைப் பார்க்கும்படி அடிப்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலைக்கு முன்னால் ஓரடி தூரத்துக் கற்களைக் காலால் கிளறிப் புரட்ட வேண்டும். கிளறினதில் பிடிவிட்டவை ஓட்டத்தோடு வலைக்குள் வரும். இப்படி ஓர் இடத்தில் ஒரு நிமிடம் என்று மூன்று இடத்தில், மொத்தம் மூன்று நிமிடம். கூடவே ஐந்தாறு கல்லைக் கையால் தூக்கி, வலையைக் கீழே பிடித்துக்கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். ஸ்டோன்ஃப்ளை கல்லடியில் இறுகப் பிடித்துக்கொள்ளும், உதைக்குச் சில சமயம் அசையாது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுப்பதாக இருந்தால் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே முதலில் கிளறினால் அங்கிருந்து அடித்து வருவதெல்லாம் கீழே எடுக்கும்போது கணக்கில் சேர்ந்துவிடும்.

வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து இரண்டு விரல் உயரம் ஓடைத்தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இது யாருக்கும் முடிவதில்லை, உடனே கிளற ஆரம்பித்துவிடுவார்கள். குப்பை அடங்கட்டும். அப்புறம் அசைவது ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும். எண்ணி முடித்தபின் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம், சந்தேகமான ஒன்றிரண்டை மட்டும் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு எடுத்துவந்தால் போதும்.

பருவமும் பார்க்க வேண்டும். பெருவெள்ளம் போன கையோடு போனால் கற்கள் எல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும், மாசே இல்லாத ஓடையில்கூட. இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போவது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்கள் வசதி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பிரிட்டனில் 1976-ல் அமைக்கப்பட்ட ஒரு பணிக்குழு, நீர்ப்பூச்சிக் குடும்பங்களுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுத்து ஒரு பட்டியல் தயாரித்தது. அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்குப் பத்து, எதையும் தாங்குவதற்கு ஒன்று. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். எத்தனை பூச்சி என்பது இதில் கணக்கில்லை, அந்தக் குடும்பம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கணக்கு.

கீழே வருவது வகுப்பில் பயிற்சிக்காக நான் கொடுக்கும் பட்டியல், எந்த ஓடையின் ஆய்வறிக்கையும் இல்லை. ஒரு மலையோடை, நடுவில் ஒரு சின்னக் குடியிருப்பு. குடியிருப்புக்கு மேலே ஓரிடம், அதன் கழிவுநீர் கலந்ததும் ஓரிடம், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே ஓரிடம்.

மேலிடத்தில் பெர்லிடே ஸ்டோன்ஃப்ளை 10, ஹெப்டாஜெனிடே 10, லெப்டோஃப்ளெபிடே என்ற இன்னொரு மேஃப்ளை குடும்பம் 10, பேட்டிடே 4, வலை பின்னும் கேடிஸ்ஃப்ளை 5, கருப்பு ஈயின் புழு 5, ஓடை வண்டு 5, இரத்தப்புழு வகை 2. கூட்டினால் 51, குடும்பங்கள் எட்டு, சராசரி 6.4. நடுவிடத்தில் பத்து மதிப்பெண் குடும்பம் மூன்றும் காணோம், ஓடை வண்டையும் காணோம். பேட்டிடே 4, கேனிடே 7, கேடிஸ்ஃப்ளை 5, கருப்பு ஈ 5, இரத்தப்புழு 2, நீரில் வாழும் மண்புழு இனம் 1. மொத்தம் 24, ஆறால் வகுத்தால் 4.0.

மாணவர்கள் இந்த இடத்தில் "கழிவுநீரால் மாசு" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். நடுவிடம் மேலிடத்தைவிடத் தாழ்வானது, தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி கூடுதல் சூடு. மலையிறங்க இறங்க ஸ்டோன்ஃப்ளை குறைவது இயல்பாகக்கூட இருக்கலாமே? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் மூன்றாவது இடம். அங்கே பெர்லிடே 10, லெப்டோஃப்ளெபிடே 10, பேட்டிடே 4, கேடிஸ்ஃப்ளை 5, கருப்பு ஈ 5, ஓடை வண்டு 5, இரத்தப்புழு 2. மொத்தம் 41, ஏழால் வகுத்தால் 5.9. இன்னும் தாழ்வான, இன்னும் சூடான இடத்தில் ஸ்டோன்ஃப்ளை மறுபடி வந்துவிட்டது. ஆகவே நடுவில் அது காணாமல்போனதற்கு உயரமோ சூடோ காரணமாக இருக்க முடியாது. இப்போது எழுதலாம். மூன்றாவது இடம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த முடிவுக்குக் கால் கிடையாது.

என்ன மாதிரி மாசு என்பதற்கும் குறிப்புகள் அங்கேயே உண்டு. நடுவிடத்தில் புதிதாகக் கேனிடே வந்திருப்பது கற்களின் மேல் வண்டல் படிகிறது என்று சொல்கிறது. இரத்தப்புழு மேலே ஒரு தட்டுக்குப் பத்துப் பதினைந்து, இங்கே நூற்றுக்கு மேல். மதிப்பெண் முறை இதைப் பார்க்காது, அதனால்தான் எண்ணிக்கையையும் தனியாகக் குறித்துவைக்கச் சொல்கிறேன். கடைசியாக ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கரேலென்று படிந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், கல்லுக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஸ்டோன்ஃப்ளை இருக்க வேண்டிய இடமே அந்த அடிப்பக்கம்தான்.

திரும்ப ஊருக்கு

இதே கணக்கை நம் கண்மாய்க்குப் போட்டால் என்ன ஆகும்? குளோயான் இருப்பதால் பேட்டிடே 4, கேனிடே 7, தட்டான் 8, ஊசித்தட்டான் 6, துடுப்புக்கால் மூட்டைப்பூச்சி 5, நீர்வண்டு 5, இரத்தப்புழு 2. மொத்தம் 37, ஏழால் வகுத்தால் 5.3. ஓடையின் நடுவிடத்தைவிடக் கண்மாய் மேலே வந்துவிட்டது! ஸ்டோன்ஃப்ளை வரியை நம்பினால் கண்மாய் சாக்கடை, இந்தச் சராசரியை நம்பினால் கழிவு கலந்த மலையோடையைவிடக் கண்மாய் சுத்தம். இரண்டுமே தப்பு. பிரிட்டிஷ் பட்டியலில் தட்டானுக்கு எட்டு மதிப்பெண் இருக்கிறது. நம் ஊரில் அதே குடும்பத்துத் தட்டான் வெந்நீர் மாதிரிச் சுடுகிற குட்டையிலும் வளரும். அந்தப் பட்டியல் குளிர்நாட்டு ஆறுகளுக்காகப் போடப்பட்டது. ஒரே ஓடையின் மேலும் கீழும் ஒப்பிட அதை வைத்துக்கொள்ளலாம், ஓடையையும் கண்மாயையும் ஒரே தராசில் வைக்க அது உதவாது.

கண்மாயைக் கண்மாயோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே ஆழம், ஒரே மாதிரி செடி கொண்டவை. உதை வலைக்குப் பதிலாகக் கரையோரச் செடிகளுக்கிடையே வலையை வீசி இழுக்க வேண்டும், நேரம் அதே மூன்று நிமிடம். முதல் வேலையாக மின்கடத்துத்திறன் மீட்டரை முக்கி உப்பைப் பாருங்கள். பாக் நீரிணையை ஒட்டிய ஊருணிகளில் உப்பு ஏறியிருந்தால் மேஃப்ளை குறைவதற்கு அதுவே போதும். உப்பளவு மிகவும் வேறுபட்ட இரண்டு நீர்நிலைகளை ஒப்பிட்டுவிட்டு மாசைப் பற்றிப் பேச முடியாது.

மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியும்போது மட்டும் நமக்கு ஓடை மாதிரி ஒன்று கிடைக்கும். கலுங்குக்குக் கீழே கற்களின் மேல் தண்ணீர் வேகமாக ஓடும். சில வாரம் தொடர்ந்து ஓடினால் கருப்பு ஈயின் புழு, கேடிஸ்ஃப்ளை, ஓட்டத்தை விரும்பும் பேட்டிடே என்று ஒவ்வொன்றாகக் குடியேறப் பார்க்கலாம். மலைக்குப் போகுமுன் உதை வலை பழக இதைவிட நல்ல இடம் இல்லை. இவ்வளவு ஓட்டம் இருந்தும் ஸ்டோன்ஃப்ளை வராது, ஏனென்றால் சூடும் மாறவில்லை, கலுங்கு நின்றதும் அந்த இடமே காய்ந்துவிடும்.

நம் பகுதியில் மேஃப்ளை உண்மையிலேயே உதவக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, பூச்சிமருந்து. நெல்லும் மிளகாயும் கண்மாயைச் சுற்றியே விளைகின்றன, அடித்த மருந்து மழையில் வாய்க்கால் வழியே வந்து சேர்கிறது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே, நாள்பட்டால் குளோயானைப் பாதிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் அந்த அளவைக் கண்டுபிடிக்கக் கருவி கிடையாது. ஆனால் தட்டில் வேறு மாதிரி ஒரு படம் தெரியும். சாக்கடை என்றால் ஆக்சிஜன் குறைந்து, இரத்தப்புழுவும் மண்புழு இனமும் பெருகியிருக்கும். மருந்து என்றால் ஆக்சிஜன் நன்றாகவே இருக்கும், செடி பசுமையாக இருக்கும், நத்தைகள் சுகமாக ஊர்ந்துகொண்டிருக்கும், குளோயான் மட்டும் காணாமல்போயிருக்கும்.

அதைப் பார்த்ததும் மருந்து என்று எழுதிவிடாதீர்கள். கண்மாயில் ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தால் அவையே தின்று தீர்த்திருக்கலாம், குத்தகைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இல்லையென்றால் ஒரு தலைமுறை முழுக்க இறக்கை முளைத்துப் போயிருக்கலாம். பதினைந்து நாள் கழித்து மறுபடி வலை போடுங்கள், அதே நாளில் மருந்து அடிக்காத பக்கத்துக் கண்மாயிலும் போடுங்கள். அங்கே குளோயான் இருந்து, இங்கே இரண்டாவது முறையும் ஒன்றுகூட இல்லையென்றால், ரெக்கார்டில் "பூச்சிமருந்து என்று சந்தேகம்" என்று எழுதலாம். கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் எடுத்து, வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, பூச்சிமருந்து எச்சம் பார்க்கிற ஆய்வகத்துக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.